அத்தானின் கண்ணில் நின்ற ஒளி

எழுத்துப் பலகையை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அவர் தேவைப்படவில்லை. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் அந்தக் கண் மருத்துவமனையில் பக்கத்து அறைக்குப் போய்விடுவார்கள். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்த அவருடைய சிறிய அறைக்கு வருகிறவர்கள் வாய் திறவாதவர்கள். பால்குடி மறவாத குழந்தைகள், கேட்பதைப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள், நோயில் பேச்சிழந்த பெரியவர்கள். அவர்களிடம் அவர் எதையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதைக் கண்ணிடமே கேட்டுக்கொள்வார். மருத்துவமனையில் அவரை 'லைட்டுக்காரர்' என்றே அழைத்தார்கள். சம்பளப் பிரிவில் இருப்பவர்களுக்குக்கூட அவருடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராது.

அவர் கையில் இருப்பது ஒரு டார்ச் அளவுள்ள கருவி. ரெட்டினோஸ்கோப் என்று பெயர். அதிலிருந்து வட்டமாக அல்லாமல், கோடு கிழித்ததுபோல் மெல்லிய ஒளி வரும். இருட்டில் அந்தக் கோட்டைக் கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாப்பாவின் மேல் பாய்ச்சினால், விழியின் பின்சுவரில் பட்டு, செம்மஞ்சள் நிறத்தில் அது திரும்பி வரும். கருவியின் மேலேயுள்ள சிறு துளை வழியே அவர் அதைப் பார்ப்பார். கோட்டை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைப்பார். உள்ளேயிருந்து வரும் ஒளி, தான் அசைக்கும் திசையிலேயே கூட வருகிறதா, எதிர்த்திசையில் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. கூட வந்தால் பிளஸ் லென்ஸ் வைப்பார். எதிரே ஓடினால் மைனஸ் வைப்பார். லென்ஸ்களை ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, மங்கலாகவும் சோம்பலாகவும் நகர்ந்த ஒளி பளிச்சென்று ஆகும், வேகம் பிடிக்கும். கடைசியில் ஒரு லென்ஸில், பாப்பா முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிரும். அப்போது கோட்டை எப்படி ஆட்டினாலும் உள்ளே அசைவே இருக்காது. ஒளி நின்றுவிட்டது என்பார்கள். அந்த லென்ஸிலிருந்து, தான் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்காக ஒன்றரைப் பவரைக் கழித்தால் அந்தக் கண்ணுக்கு வேண்டிய கண்ணாடி கிடைத்துவிடும். நோயாளி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

இதை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. கீழ்த்தளத்துப் பட்டறையில் லென்ஸ்களைச் சட்டத்துக்கு ஏற்றபடி விளிம்பு தேய்க்கும் ஆளாகத்தான் உள்ளே நுழைந்தார். கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய கருவியைப் பழுது பார்த்து எடுத்துக்கொண்டார். தகரக் குழாய்க்குள் இன்னொரு தகரக் குழாயைச் செருகி, முன்னால் ஒரு லென்ஸையும் பின்னால் சிவப்பு வண்ணம் பூசிய அட்டையையும் ஒட்டி, பொய்க் கண் ஒன்றைத் தாமே செய்தார். குழாயை இழுத்தால் ஒரு பவர், தள்ளினால் வேறொரு பவர். மதிய உணவு நேரம் முழுவதும் அந்தத் தகரக் கண்ணோடு மல்லுக்கட்டினார். தவறான பவர் வரும்போதெல்லாம் எங்கே தப்பு என்று முதலிலிருந்து ஆராய்வார். பாப்பாவுக்கு நேராக உட்காராமல் சற்றுக் கோணலாக உட்கார்ந்தால் ஒரு திசைக்கு மட்டும் கூடுகிற சாய்வுப் பவர் இல்லாத கண்ணிலும் இருப்பதாகத் தெரியும் என்பதை அந்தத் தகரத்திடம்தான் அவர் கற்றுக்கொண்டார்.

பிறகு அவர் கண்ட குழந்தைகளுக்குக் கணக்கில்லை. சோதனை முடிந்து, கண்ணாடி தயாராகி, அதை முதல்முறை மாட்டும்போது குழந்தை ஒரு கணம் உறைந்துபோகும். பிறகு தாயின் முகத்தை உற்றுப் பார்த்து மூக்கைப் பிடித்து இழுக்கும். தாய்மார்கள் அழுவார்கள். அதனால் ஒளி நின்றவுடனே, கண்ணாடி வரும்வரை காத்திருக்காமல், "இனிமே நல்லா தெரியும்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அந்தத் தொழிலில் பெரும்பாலானோருக்கு அந்தப் பழக்கம் உண்டு. பத்தில் ஒன்பது முறை அது பொய்ப்பதில்லை.

அவருடைய அக்கா ஒருநாள் அந்த அறைக்கே வந்தாள். நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் நெற்றியை ஒற்றிக்கொண்டாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில், முடிந்த சட்டைகளில் பிசிறு பார்க்கும் வேலை அவளுக்கு. கண் நுட்பமானது.

"தம்பி, அத்தானோட கண்ணு சின்னதாப் போச்சுடா."

"கண்ணு எப்படிக்கா சின்னதாகும்?"

"நீயே பாரு வந்து. முன்னெல்லாம் கண்ணாடி போட்டா ஆந்தை மாதிரி பெரிசாத் தெரியும்ல? இப்போ கண்ணாடிக்குள்ள எங்கியோ தூரத்துல இருக்கு."

அவருக்கு முதுகு நிமிர்ந்தது. பிளஸ் கண்ணாடிக்குள் கண் பெரிதாகத் தெரியும். மைனஸ் கண்ணாடிக்குள் சிறிதாகத் தெரியும். அக்காவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவள் பார்த்தது தப்பாக இருக்க முடியாது.

அத்தான் பேருந்து நடத்துநராக இருந்தவர். மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். மச்சானைக் கண்டால் சும்மா விடமாட்டார். "இவன் கொடுத்த கண்ணாடியப் போட்டதுல இருந்து டிக்கெட் எடுக்காதவன் எல்லாம் பளிச்சுனு தெரியறான், அவன் குடுக்காத சில்லறைதான் தெரியல" என்று விருந்தினர் முன்னால் வாருவார். இரண்டாவது தடவை பக்கவாதம் தாக்கியபோது அந்தக் குரல் போயிற்று. வலது கையும் காலும் போயின. ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். பார்வையைப் பார்வையாளர்மேல் நிறுத்தாமல், யார் வந்தாலும் ஒரே மாதிரி, சுவரைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இல்லத்தின் மருத்துவர், "அவருக்கு யாரையும் அடையாளம் தெரியலை" என்று சொல்லிவிட்டார். அந்த வாக்கியத்தைத்தான் அக்கா ஏற்றுக்கொள்ள மறுத்தாள்.

"தெரியாமப் போகலடா. பாக்க முடியாமத்தான் உக்காந்திருக்காரு. தெரிஞ்சா என்னைத் திட்டாம இருப்பாரா அந்த மனுஷன்?"

அடுத்த விடுமுறை நாளில் அவர் லென்ஸ் பெட்டியோடு இல்லத்துக்குப் போனார். குளியலறை வாசலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பணிப்பெண் ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சோப்பு நீர் கலக்கி, அந்த மாடியில் இருக்கும் அத்தனை பேரின் கண்ணாடிகளையும் ஒன்றாகப் போட்டு அலசிக்கொண்டிருந்தாள்.

"யாருது எதுன்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"மொகத்துக்கு எது பொருந்துதோ அது சார். யாரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

"குறை சொல்ல வாய் இருக்கறவங்க இந்த மாடியில எத்தன பேரு?"

அவள் சிரித்தாள். கெட்டவள் அல்ல. பழுப்பேறிய கண்ணாடிகளைக் கீறல் விழாமல் துடைக்கும் கையில் அக்கறை இருந்தது.

அவர் அத்தானின் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து, அதன் வழியே கதவுச் சட்டத்தைப் பார்த்தபடி இடமும் வலமும் நகர்த்தினார். கதவும் கூடவே நகர்ந்தது. மைனஸ். யாரோ கிட்டப்பார்வைக்காரருடையது. தூரப்பார்வைக்கார அத்தான், தனக்கு வேண்டியதற்கு நேர் எதிரான கண்ணாடியை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" அக்காவின் குரல் வெற்றியில் உடைந்தது.

ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். கை நீட்டினால் விரல் நுனி அத்தானின் கன்னத்தைத் தொடும் தூரத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார். வயதான கண் தன்னைத்தானே சுருக்கிப் பவரை மாற்றிக் காட்டி ஏமாற்றாது. ஆகவே குழந்தைகளுக்குப் போடும் சொட்டு மருந்து தேவையில்லை. அத்தானின் விழி ஓரிடத்தில் நிற்கவில்லை. மெதுவாக மிதந்தது. விழி எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் நாற்காலியோடு இவரும் நகர்ந்து, பாப்பாவுக்கு நேராக ஒளி இருக்கும்படி பார்த்துக்கொண்டார்.

கோடு உள்ளே போயிற்று. மங்கலான செம்மை, திசையோடு கூடவே, அலுப்போடு நகர்ந்தது. லென்ஸ்களைச் செருகும் சோதனைச் சட்டத்தை மாட்டினார். அதன் உலோகக் கால் கண்ணருகே வந்தபோது அத்தான் இமைக்கவில்லை. அது இவர் மனதில் ஒரு நொடி தட்டிற்று. அத்தான் களைப்பாக இருப்பார் என்று விட்டுவிட்டார். பிளஸ் இரண்டு. பிளஸ் மூன்று. ஒளி விழித்துக்கொண்டது. பிளஸ் நாலரையில், செங்குத்தாக நிறுத்திய கோட்டைப் பக்கவாட்டில் ஆட்டியபோது பாப்பா முழுவதும் நிறைந்து நின்றது. கோட்டைப் படுக்கை வசமாகத் திருப்பி மேலும் கீழுமாக ஆட்டினார். அந்தத் திசையில் ஒளி இன்னும் நகர்ந்தது. ஐந்தரையில் நின்றது. இரண்டிலும் ஒன்றரை கழித்தார். வலது கண்ணுக்கு மூன்றும், அதன்மேல் ஒன்று சாய்வும். இடது கண்ணும் ஏறக்குறைய அப்படியே.

ஒளி அவ்வளவு சுத்தமாக நின்றது. தன் வேலையில் அவருக்கு எப்போதும் கிடைக்கிற மகிழ்ச்சி அதுதான். பாப்பா ஒளிபட்டுச் சுருங்கிற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"வெளிச்சத்துக்கு சுருங்குது! பாக்கறாரு தம்பி, பாக்கறாரு."

"ஆமாக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இனிமே தெரியும், கவலைப்படாதே."

ஒவ்வொரு தாயிடமும் சொன்னதை அக்காவிடமும் சொன்னார். வாய் தானாகச் சொல்லிற்று. பார்வையின்றி விழித்திருக்கிறவரின் பாப்பாவும் ஒளிக்குச் சுருங்கும், அதற்கான பாதை வேறு என்பது அவர் அறியாததல்ல. குழந்தைகளுடைய அறையில் அதை நினைத்துப் பார்க்கும் அவசியம் அடிக்கடி வந்ததில்லை.

கண்ணாடி வருவதற்கு முன்பே அக்கா முடிவெடுத்துவிட்டாள். "பாக்கத் தெரிஞ்சவர எதுக்குடா இங்க போட்டு வைக்கணும்? வீட்டுல உக்காந்து என்னைத் திட்டட்டும்." அவள் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். இல்லத்தின் மேற்பார்வையாளரம்மா மட்டும் ஒருமுறை கேட்டார்: "யோசிச்சுச் செய்யுங்கம்மா. பெட்டு ஒரு நாள்கூட காலியா நிக்காது." அக்கா அவரைப் பார்த்த பார்வையில், அந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

புதிய கண்ணாடியை இவரே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டினார். அத்தானின் கண் மறுபடியும் ஆந்தைக் கண்ணாயிற்று. அக்கா எதிரே குனிந்து, "யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். குழந்தைகளிடம் அவர் கண்ட அந்த ஒரு கண உறைவுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அத்தானின் பார்வை அவள் காதருகே சற்று மிதந்து, அலமாரிப் பக்கம் போயிற்று.

"பழகணும்ல. இவ்வளவு நாள் கண்டவன் கண்ணாடியப் போட்டிருந்தாரு" என்றாள் அக்கா. "ஆமாக்கா" என்றார் அவர்.

அந்த 'ஆமாக்கா'வைச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு உறக்கம் கெட்டது. அக்காவிடம் சொல்லாமல், அத்தானின் பழைய மூளைப் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகி, தலையின் பின்புறத்தில் இரண்டு பக்கமும் இருந்த கருமைகளைப் பேனாவால் காட்டினார். "பார்வையை வாங்கிப் புரிஞ்சுக்கற இடம் இது. ரெண்டு பக்கமும் போயிடுச்சு. கண்ணுல கோளாறு இல்ல. படம் போய்ச் சேர ஆள் இல்ல." அவர் கேட்டார்: "திரும்ப வருமா டாக்டர்?" மருத்துவர் படத்தை உருவி உறையில் போட்டார். "வராது" என்றார்.

படியிறங்கும்போது தன் தகரக் கண் அவருக்கு நினைவு வந்தது. அதன் பின்னால் இருந்ததும் சிவப்பு அட்டைதான். அதற்கும் துல்லியமாகப் பவர் கண்டுபிடித்தார். ஒளி அதிலும் சுத்தமாக நின்றது. அட்டை எதையாவது பார்க்கிறதா என்று அன்றைக்கு அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அக்காவிடம் சொல்லிவிடுவது என்று ஒவ்வொரு வாரமும் புறப்பட்டுப் போவார். அவள் மெலிந்துகொண்டே வந்தாள். அத்தானைப் புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, தூக்கி உட்கார வைத்து அவள் முதுகு கூனிக்கொண்டது. இருந்தும் வாயைத் திறந்தால், "நேத்து ஜன்னல் பக்கம் திரும்பினாருடா" என்று ஏதாவது ஒன்று வைத்திருப்பாள். அதைக் கேட்டுவிட்டு, கொண்டுபோன பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

அப்படி ஒரு மாலையில் போனபோது, அத்தானின் முகத்தில் கண்ணாடி இல்லை. அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். வழக்கமான செய்தி எதுவும் வரவில்லை.

"ஒரு வாரமா கழட்டி வச்சிருக்கேன்."

"ஏன்க்கா?"

"சட்டையில பிசிறு பாக்கறவடா நான். சந்தேகம் வந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடுவேன். கண்ணாடி போட்டு ஒரு வாரம், போடாம ஒரு வாரம். கரண்டி உதட்டுல படற வரைக்கும் வாயத் தொறக்கறதில்ல. போட்டாலும் அப்படித்தான், போடாட்டியும் அப்படித்தான்."

அவர் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நீ தப்பாப் பாத்திருப்ப. அவரு கண்ணு ஆடிக்கிட்டே இருந்துச்சுல்ல அன்னைக்கு. பவர் தப்பா வந்திருக்கும். இன்னொரு தடவ லைட்டு அடிச்சுப் பாரு."

தன் வாழ்நாளில் முதன்முறையாக, தன் கணக்கு தப்பாகப் போயிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அக்கா கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வேலை முடிந்து நேராக வந்ததால் கருவியும் லென்ஸ்களும் அவர் பையிலேயே இருந்தன. அவர் அத்தானுக்குக் கண்ணாடியை மாட்டி, அதன் முன்னால் தூரக் கழிவுக்கான ஒன்றரை பிளஸ் லென்ஸைப் பிடித்து, கோட்டை உள்ளே விட்டார். பாப்பா முழுவதும் செம்மை. அசைவில்லை. கோட்டைத் திருப்பினார். அசைவில்லை. நம்பாமல், முன்னால் சாய்ந்தார். ஒளி கூடவே நகர்ந்தது. பின்னால் சாய்ந்தார். எதிரே ஓடிற்று. மறுபடி தன் இடத்துக்கு வந்தார். நின்றது. ஒரு கண்ணாடி இதைவிடச் சரியாக இருக்க முடியாது.

"என்னடா?"

"கண்ணாடி சரியாத்தான் இருக்குக்கா."

"அப்புறம் ஏன்?"

"என் லைட்டுக்கு கண்ணு மட்டும்தான்கா தெரியும். வெளிச்சம் பின்னால போய் சரியா விழுதான்னு சொல்லும். விழுந்ததை அவரு பாக்கறாரான்னு சொல்லாது. பின்மண்டையில ரெண்டு பக்கமும் போயிடுச்சாம். டாக்டர்கிட்ட படத்தக் காட்டிக் கேட்டுட்டேன். வராதாம்."

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்பக் கேட்ட?"

அவர் பிடித்திருந்த லென்ஸைக் கீழே இறக்கினார்.

"அப்ப அன்னைக்கு ஏன்டா தெரியும்னு சொன்ன?"

"எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி சொல்லிட்டேன்கா."

"நான் எல்லாருமா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். "இல்லத்துல போய்க் கேட்டேன்டா, முந்தாநாளு. அந்தம்மா உக்கார வச்சு தண்ணி குடுத்தாங்க. பெட்டுல வேற ஆள் வந்தாச்சாம். கம்பெனியில என் இடத்துலயும் வேற பொண்ணு உக்காந்துடுச்சாம்."

"நான் பாத்துக்கறேன்கா."

"நீ என்னத்தப் பாத்துக்குவ? ராத்திரி பகலா இவரத் தூக்குவியா? உன் வீட்டுல நிக்க இடம் இருக்கா? சும்மா இருடா."

அவர் கருவியை அணைக்கப் போனார். அக்கா தடுத்தாள்.

"இடது கண்ணையும் பாத்துடு."

"அதுவும் இப்படித்தான் இருக்கும்கா."

"பாதியில விடாத. பாரு."

பார்த்தார். ஒளி நின்றது. பார்த்து முடித்ததும் அவள் திரையை விலக்கினாள். சாயங்கால வெயில் அத்தானின் முகத்தில் நேராக விழுந்தது. பாப்பாக்கள் சுருங்கின. அத்தான் முகத்தைத் திருப்பவில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். முந்தானையால் துடைத்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டியே வச்சிடட்டுமா? மூக்குல தடம் விழுது."

யாருக்கு எந்தக் கண்ணாடி என்று சொல்வதையே பிழைப்பாகக் கொண்டவர் கருவியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். அவள் தானே கண்ணாடியை அத்தானுக்கு மாட்டி, காதோரம் சரிசெய்தாள்.

"இருக்கட்டும். போட்டாத்தான் அவரு மாதிரி இருக்காரு."

பிறகு சமையலறைக்குள் போய்க் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கரண்டியை அத்தானின் கண்ணாடிக்கு நேராக உயர்த்தி, ஒரு கணம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு உதட்டில் தொட வைத்தாள். வாய் திறந்தது.